வெள்ளி விழாவில் மகளின் பேச்சு: கேலி எங்கே நிற்க வேண்டும்?

உயர்தரம், கலைப்பிரிவு

கடந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில் எங்கள் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் திருமணமாகி 25 வருடங்கள் நிறைவடைந்தன. கம்பளையில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு பகல் சாப்பாடு, சொந்தக்காரர்கள் நாற்பது பேர், பிறகு ஒரு துஆ. இவ்வளவுதான் ஏற்பாடு. இதற்கிடையில் ராத்தா ஒரு வேலையை என் தலையில் வைத்தார். “நீதானே தமிழ் படிக்கிற. ஒரு பேச்சு எழுதிப் பேசு. கொஞ்சம் சிரிக்கவும் வை.”

தமிழ்த்தினப் போட்டிகளில் பேசிய பழக்கம் எனக்கு இருந்தது. அதனால் இது இலகுவான வேலை என்றே நினைத்தேன். ஆனால் பெற்றோரைப் பற்றிப் பெற்றோர் முன்னிலையிலேயே பேசுவது வேறு விதமான பேச்சு என்பதை எழுதத் தொடங்கிய பிறகுதான் கண்டேன். அதிலும் கேலி செய்வது மிகவும் கடினம். அந்தப் பேச்சை நான் எழுதிய விதத்தையும், ஓரிடத்தில் பிழைவிட்டுத் திருத்திய விதத்தையும் இங்கே எழுதுகிறேன். இதே வேலை நாளை உங்கள் தலையிலும் விழலாம்.

நேரமும் அளவும்

முதலில் நேரத்தைத் தீர்மானித்தேன். சாப்பாடு முடிந்த வேளை, சிறு பிள்ளைகள் ஓடித்திரியும் வீடு, காது மந்தமான வாப்பும்மா. ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். என் முதற்பிரதியில் ஏறத்தாழ 900 சொற்கள் இருந்தன. மணிக்கூட்டை முன்னால் வைத்துச் சத்தமாக வாசித்தபோது பதினொரு நிமிடம் போயிற்று. சிரிப்புக்கு இடம் விட்டு நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது சொற்கள்தான் எனக்குச் சரிவந்தன. ஆகவே ஐந்து நிமிடத்துக்கு 400 சொற்கள். பாதிக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தது.

எதை வெட்டுவது என்று பார்த்தபோது ஒரு விடயம் தெளிவாகியது. “எங்கள் உம்மா பொறுமையின் சிகரம்”, “வாப்பா எங்களுக்காக மெழுகுவர்த்தியாக உருகியவர்” போன்ற வாக்கியங்கள் நிறைய இருந்தன. அவற்றில் உம்மாவின் பெயரை எடுத்துவிட்டு அடுத்த வீட்டு உம்மாவின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அப்படிப் பொருந்திய வாக்கியங்கள் எல்லாவற்றையும் வெட்டினேன். எங்கள் வீட்டுக்கு மட்டுமே பொருந்துகிற, கண்ணால் பார்க்கவோ காதால் கேட்கவோ கூடிய சம்பவங்கள் மூன்று மிஞ்சின. மூன்றே போதுமானவையாக இருந்தன.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகையைச் சொல்கிறது. அது நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் வகுக்கிறது. அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்றால் இகழ்ந்து சிரித்தல். இளமை என்றால் பிள்ளைத்தனம். பேதைமை என்றால் அறியாமை. மடன் என்பதற்கு, ஒருவர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது என்று உரைகாரர் விளக்கம் தருகின்றனர்.

பேச்சு எழுதும்போது இந்த நான்கும் எனக்கு ஓர் அளவுகோல் போல உதவின. ஒவ்வொரு நகைச்சுவையையும் எடுத்து, இது நான்கில் எதைச் சேர்ந்தது என்று கேட்டேன். எள்ளலைச் சேர்ந்தது என்றால், சிரிப்பவர்கள் நாற்பது பேர், சிரிக்க முடியாமல் இருப்பவர் ஒருவர். அந்த ஒருவர் அன்றைய விருந்தின் நாயகர். மற்ற மூன்றும் அப்படியல்ல. ஒருவருடைய பிள்ளைத்தனத்தையும் பிடிவாதத்தையும் கண்டு சிரிக்கும்போது அவர் மீது நமக்கு அன்புதான் கூடுகிறது.

இன்னோர் உதவி அணியிலக்கணத்திலிருந்து கிடைத்தது. பழிப்பது போலப் புகழ்வதையும் புகழ்வது போலப் பழிப்பதையும் வஞ்சப் புகழ்ச்சி என்று படித்திருக்கிறோம். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஒளவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். இங்குள்ள ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசி அழகாகக் காவலில் இருக்கின்றன. எங்கள் தலைவனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஒளவையார். கேட்பதற்கு அதியமானைக் குறைத்துப் பேசுவது போல இருக்கும். ஆனால் போர்க்களம் கண்ட ஆயுதம் எது என்பதைத்தான் அவர் சொல்கிறார்.

பெற்றோரைக் கேலி செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தென்படவில்லை. குறை போல ஒன்றைச் சொல்லத் தொடங்க வேண்டும். முடிக்கும்போது அந்தக் குறையே அவர்களின் அன்பாகத் தெரிய வேண்டும். அப்படித் திரும்பாத கேலியை எழுதாமல் விடுவது நல்லது.

நான் விட்ட பிழை

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று இருக்கிறது. நான் பிறந்து நாற்பது கழிந்த சில நாட்களில் வாப்பா வேலைக்காகக் கத்தாருக்குப் போனார். திரும்பி வரும்போது எனக்கு மூன்றரை வயது. வீட்டுக்குள் வந்து கையை நீட்டியவரைக் கண்டு நான் அழுதேனாம். “இது எங்கட வாப்பா இல்ல. எங்கட வாப்பா போன்ல ஈக்காரு” என்று சொன்னேனாம்.

இதைத்தான் என் பேச்சின் உச்சமாக வைத்திருந்தேன். முதற்பிரதியில் இப்படி எழுதினேன்: “மூன்றரை வருடம் கழித்து வாப்பா வந்தார். பெற்ற பிள்ளைக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. பாவம், வந்த விமானத்திலேயே திரும்பிப் போயிருக்கலாம்!”

ராத்தாவிடம் வாசித்தபோது விழுந்து விழுந்து சிரித்தார். சாச்சியிடம் வாசித்தேன். அவரும் சிரித்தார். பிறகு கேட்டார்: “இந்தக் கதையச் சொல்லக்குள்ள வாப்பாட மொகத்த எப்பவாவது பாத்தீக்கியா?”

நான் பார்த்ததில்லை. கதை சொல்லும்போது நாங்கள் கேட்பவர்களின் முகத்தைத்தான் பார்ப்போம். அன்றிரவு தேநீர் குடிக்கும்போது உம்மா தற்செயலாக அந்தக் கதையை எடுத்தார். நான் வாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்து முடிக்கும் நேரத்தில்தான் அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கோப்பையைக் கீழே பார்த்தார்.

அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தேன். நான் எழுதியது எள்ளல். பிள்ளையைப் பிரிந்திருந்த ஒருவரின் நட்டத்தை வைத்து நாற்பது பேரைச் சிரிக்க வைக்கப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கதையை முழுமையாக நீக்கிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அது என்னுடைய கதையும்தான். கடைசியில் வாப்பாவிடமே கேட்டேன். “அந்தப் போன் கதைய நான் பேச்சில சொல்லட்டா? வேணாமெண்டா விட்டுர்றன்.”

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “முழுக் கதையும் தெரியுமா ஒனக்கு?” என்று கேட்டார். தெரியாது. அவர் சொன்ன மிச்சக் கதையைப் பேச்சில் பார்ப்பீர்கள். பதினான்கு வருடமாக நாங்கள் பாதிக் கதையைத்தான் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

இதிலிருந்து நான் கற்றது இரண்டு. முதலாவது, கேலியைக் கேட்பவர்களிடம் வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது. கேலிக்கு உரியவர் அதே கதைக்கு எப்போது சிரிக்கிறார் என்று பார்க்க வேண்டும். அவர் முதலாவதாகச் சிரித்தால் அது மேடைக்கு உரிய கதை. கடைசியில் சிரித்தால் அவரிடம் கேட்க வேண்டும். இரண்டாவது, சம்பவம் ஒன்றாகவே இருந்தாலும் சிரிப்புக்கு ஆளாகிறவரை மாற்றலாம். முதற்பிரதியில் அது வாப்பா. திருத்திய பிரதியில் அது மூன்றரை வயதுப் பேதையாகிய நான். எள்ளல் பேதைமையாக மாறியது.

திருத்திய பேச்சு

அன்று நான் பேசியது இதுதான்.

“அஸ்ஸலாமு அலைக்கும். பெரியவர்களே, சொந்தங்களே, வாப்பா, உம்மா.

ஒரு முறைப்பாட்டோடு தொடங்குகிறேன். இன்று 25 வருடம் என்று எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் எங்கள் வாப்பா எல்லாவற்றையும் பிறைக் கணக்கில் பார்ப்பவர். பிறைக் கணக்கில் ஒரு வருடம் ஏறத்தாழ 11 நாள் குறைவு. அப்படிப் பார்த்தால் இவர்களின் 25ஆவது வருடம் ஒன்பது மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. வாப்பா, நீங்கள் ஒன்பது மாதம் பிந்திவிட்டீர்கள். உம்மாவுக்கு அது புதினம் இல்லை.

ஏனென்றால் வாப்பா கண்டியில் கடை பூட்டிவிட்டு ஒவ்வொரு நாளும் உம்மாவுக்குக் கோல் எடுப்பார். ‘இந்தா, கெலிஓயா தாண்டிட்டன்’ என்பார். பின்னால் கொண்டக்டர் ‘கம்பளை, கம்பளை’ என்று கூப்பிடும் சத்தம் கேட்கும். பஸ் கண்டியிலிருந்து இன்னும் புறப்படவே இல்லை. உம்மா ஒன்றும் சொல்லமாட்டார். ‘சரி, பாத்து வாங்க’ என்று மட்டும் சொல்வார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, கண்டியிலிருந்து வருவதற்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கழித்துத் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார். வாப்பா வாசலுக்கு வரும்போது தேநீர் சூடாக இருக்கும். உம்மா கவலைப்படக் கூடாது என்று இவர் ஒரு பொய் சொல்கிறார். அது பொய் என்று காட்டிக்கொள்ளாமல் அவர் ஒரு தேநீர் போடுகிறார்.

அந்தத் தேநீர் எந்தக் கோப்பையில் வரும்? அதுதான் உம்மாவின் வழக்கு. கலியாணத்துக்குக் கிடைத்த ஆறு கோப்பைகள் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. ‘ஆரும் வந்தா எடுப்பம்’ என்பார். 25 வருடத்தில் இந்த வீட்டுக்கு ஆருமே வரவில்லை! நீங்கள் யாரும் ஆள் கணக்கில் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள். உம்மாவின் தேநீர்க் கேத்தலைப் பார்த்திருக்கிறீர்களா? அடி கறுத்து, பிடி கழன்று, கம்பி கட்டி இருக்கிறது. கோப்பைகள் புதிதாக இருக்கின்றன, ஏனென்றால் அவை யாருக்கும் ஒன்றும் ஊற்றவில்லை. கேத்தல் பழுதாகிக் கிடக்கிறது, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் அதில்தான் வளர்ந்தோம்.

கடைசியாக என் கதை. மூன்றரை வயதில் எனக்குப் பெரிய அறிவு இருந்தது. வாப்பா என்பவர் உம்மாவின் போனுக்குள் குடியிருக்கும் ஒரு மனிதர் என்று உறுதியாக நம்பியிருந்தேன். ஒரு நாள் யாரோ ஒருவர் பெட்டிகளோடு வந்து ‘நான்தான் வாப்பா’ என்றார். நான் ஏமாறவில்லை. இதுவரைதான் உங்களுக்குத் தெரியும்.

அன்றிரவு அந்த மனிதர் விறாந்தைக்குப் போய், அங்கிருந்து உம்மாவின் போனுக்குக் கோல் எடுத்தார். நான் ஓடிப்போய் எடுத்தேன். ‘வாப்பா, இங்க ஒராள் வந்தீக்கிறார்’ என்று முறைப்பாடு செய்தேன். அவர் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே மெல்ல மெல்ல உள்ளே நடந்து வந்தார். போனில் கேட்ட குரலும் முன்னால் நின்ற வாயும் ஒன்றாக அசைவதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் நான் போனை வைத்தேனாம்.

வாப்பா, விறாந்தையிலிருந்து ஹோலுக்கு ஆறு எட்டு. அதை நடந்து வர நீங்கள் மூன்றரை வருடம் வெளிநாட்டில் உழைத்திருக்கிறீர்கள். உம்மா, அந்த மூன்றரை வருடமும் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது உங்கள் கை. நீங்கள் பிடித்திராவிட்டால் எனக்கு அந்தக் குரலும் தெரிந்திருக்காது.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் சுகத்தையும் பரக்கத்தையும் தரட்டும். இனி துஆவுக்குப் பெரியவர்களை அழைக்கிறேன். ஜஸாக்கல்லாஹு கைரா.”

பேசிய விதம்

எங்கள் வீட்டில் ஆண்கள் முன் ஹோலிலும் பெண்கள் உள்ளறையிலும் இருந்தார்கள். ஆகவே இரண்டுக்கும் நடுவில், நிலைக்கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். வாப்பும்மாவின் கதிரையை என் பக்கத்தில் போட்டு வைத்தோம். அவருக்குக் கேட்கிற சத்தத்தில் பேசினால் எல்லோருக்கும் கேட்கும்.

பேச்சைத் தாளில் முழுமையாக எழுதியிருந்தாலும் கையில் வைத்திருந்தது ஒரு சிறிய அட்டை மட்டுமே. பிறை, கெலிஓயா, கோப்பை, விறாந்தை என்று நான்கு சொற்கள் அதில் இருந்தன. தாளைப் பார்த்து வாசித்தால் சிரிக்க வைக்க முடியாது. கேலி சொல்லும்போது கேலிக்குரியவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். அவர் முகம் மாறினால் அடுத்த வாக்கியத்தை விட்டுவிட்டு நன்றி சொல்லும் இடத்துக்குத் தாவ வேண்டும். தாளில் கண் வைத்திருந்தால் முகம் மாறியதே தெரியாது.

இன்னொரு கவனமும் தேவைப்பட்டது. கேலியைச் சொன்னவுடன் சிரிப்பு அடங்கும்வரை நிற்க வேண்டும். ஒத்திகையில் நான் சிரிப்புக்கு மேலேயே அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். திருப்பம் வரும் வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. திருப்பம் கேட்காவிட்டால் கேலி வெறும் கேலியாகவே நின்றுவிடும். கெலிஓயாக் கதையில் தேநீர் வரும்வரை யாருக்காவது கேட்காமல் போனால் வாப்பா ஒரு பொய்யர் என்பது மட்டும்தான் அவர்கள் மனதில் மிஞ்சும்.

கண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விறாந்தைக் கதையில் என் குரல் தடுமாறும் என்று ஒத்திகையிலேயே தெரிந்தது. அதனால் அந்த இடத்தில் வாக்கியங்களைச் சிறிதாக வைத்து, “எனக்கு எவ்வளவு கவலையாக இருந்தது தெரியுமா” போன்றவற்றை எடுத்துவிட்டேன். நடந்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன். நான் அழாமல் முடித்தேன். அழுதவர்கள் வேறு பலர்.

வாப்பா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கெலிஓயா என்றவுடன் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் சிரித்தார். விறாந்தை என்றபோது எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். துஆவுக்கு ஆமீன் சொல்லத்தான் திரும்பி வந்தார்.

உம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வந்தவர்கள் புறப்பட ஆயத்தமாகும்போது குசினியிலிருந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கண்ணாடி அலுமாரி திறந்திருந்தது. “இந்த ஆறையும் கழுவிக் கொண்டா. தேத்தண்ணி ஊத்தோணும்” என்றார். கேத்தல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.